சகோதர நகர ஒப்பந்தமா, ஒட்டி வளர்ந்த இரட்டை நகரமா?

காவிரிக் கிளையாறு ஒன்றின் இரு கரைகளிலும் அமைந்த எங்கள் ஊரில், நகராட்சிக்குக் கொடுக்க வேண்டிய மனு பற்றி நலச் சங்கக் கூட்டத்தில் இரு கருத்துகள் எழுந்தன. வெளிநாட்டு ஆற்றங்கரை நகரம் ஒன்றுடன் சகோதர நகர ஒப்பந்தம் செய்யக் கோரலாம் என்றனர் சிலர். எதிர்க்கரைப் பேரூராட்சியையும் நகராட்சியையும் ஒரே நகரமாகக் கருதி, குடிநீர், சாக்கடை, பேருந்து ஆகியவற்றுக்குப் பொதுத் திட்டம் கேட்கலாம் என்றனர் மற்றவர்கள். நான் இரண்டாவது கோரிக்கைக்கே கை தூக்கினேன்.

முதலாவது ஒரு தீர்மானத்தில் பிறக்கிறது. நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றும். அது மாநில அரசின் வழியாக மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதலுக்குச் செல்லும். அயல்நாட்டு உறவு ஒன்றியப் பட்டியலில் இருப்பதாலும், அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளுக்கு வகுத்த 18 பணிகளில் அது இல்லாததாலும், இந்த ஒப்புதல் இல்லாமல் கையெழுத்திட முடியாது. ஆவணத்தில் பண்பாடு, கல்வி, வணிகம், நகர நிர்வாக அனுபவப் பகிர்வு என்ற துறைகள் குறிக்கப்படும். செலவை அவரவர் ஏற்க வேண்டும் என்றும், இது சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றும் பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும். சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வருக்கும் 1984 முதல் இருக்கும் உறவும், 2014-இல் வாரணாசிக்கும் ஜப்பானின் கியோட்டோவுக்கும் ஏற்பட்ட உடன்பாடும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவதான இரட்டை நகரத்துக்குத் தீர்மானம் தேவையில்லை. இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து, இடையிலிருந்த வயல் மனையாகி, ஓர் ஊரில் வசிப்பவர் மற்ற ஊரில் வேலை செய்யத் தொடங்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். அரசு பின்னால் வந்து பெயர் வைக்கும், அல்லது வைக்காமலும் போகும். கொல்கத்தாவும் ஹௌராவும் ஹூக்ளியின் இரு கரைகளில் இன்றும் தனித்தனி மாநகராட்சிகள். ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் 1960-இல் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. ஆனாலும் செகந்திராபாத் பாசறைப் பகுதி தனி வாரியத்தின் கீழேயே இருந்துவந்தது. நமக்கு அருகில், திருவரங்கமும் பொன்மலையும் தனி நகராட்சிகளாக இருந்து, 1994-இல் திருச்சிராப்பள்ளியுடன் சேர்ந்து மாநகராட்சியாயின.

இவற்றைப் பிரிக்கும் தூரம், மொழி, நோக்கம் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: உறவு பழுதுபட்டால் அதைப் பராமரிக்கும் செலவு யார் தலையில் விழும்?

சகோதர நகர உறவு பழுதுபட்டால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். ஜப்பானின் ஒசாகாவும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும் 1957 முதல் சகோதர நகரங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சான் பிரான்சிஸ்கோ நகரச் சொத்தாக ஏற்றதை எதிர்த்து, 2018-இல் ஒசாகா மேயர் உறவை முறித்துக்கொண்டார். அறுபது ஆண்டு உறவு போனது வருத்தமான செய்திதான். ஆனால் அதனால் எந்தத் தெருவிலும் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் வசதியும் அதுவே, பலவீனமும் அதுவே. மேயர் மாறினாலோ, தொடர்பைக் கவனித்த அதிகாரி இடம் மாறினாலோ, முறிக்காமலேயே அது உறங்கிப்போகும். நகராட்சி வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு தலைப்பு இல்லாவிட்டால் உறங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.

ஒட்டி வளர்ந்த நகரங்களுக்கு இந்த வசதி கிடையாது. திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தில், தூண்கள்மேல் தளத்தைத் தாங்கும் தாங்கிகளும், வெயிலில் தளம் விரிந்து சுருங்க இடம்தரும் இணைப்புகளும் தேய்ந்துபோயிருந்தன. தளப் பகுதிகளுக்கு நடுவிலுள்ள இணைப்பைப் பேருந்து கடக்கும்போதெல்லாம் சக்கரம் தடக்கென்று இறங்கி ஏறும். தினமும் போகிறவர்களுக்கு எந்த இடத்தில் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்பது பழகியிருந்தது. 2022 இறுதியில் பாலத்தை மூடிப் பழுதுபார்த்து, 2023-இல்தான் திறந்தார்கள். அதுவரை வாகனங்கள் சென்னை புறவழிச் சாலைப் பாலத்தைச் சுற்றிச் சென்றன. பள்ளி, மருத்துவமனை, மார்க்கெட் என்று அக்கரையை நம்பியிருந்த யாரும் இந்த உறவிலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம் எழுத முடியாது. நம்பியிருப்பது ஒரு கரை மட்டுமும் அல்ல. காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளின் நீர் குழாய் வழியே நகரத்துக்குப் போகிறது.

இங்கு கவனிக்க வேண்டியது, நிர்வாகம் இணைந்தாலும் பாலம் மாநகராட்சியின் கைக்கு வரவில்லை என்பது. பழுதுபார்த்தது மாநில நெடுஞ்சாலைத் துறை. இணைப்பு வரி விதிப்பையும் குப்பை, குடிநீரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும். பாலம், ஆற்றங்கரை, பேருந்து ஆகியவை வெவ்வேறு துறைகளின் மேசைகளிலேயே இருக்கும். ஆகவே, இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று மனுவில் எழுத எனக்கு மனமில்லை. பேரூராட்சி மக்களுக்குச் சொத்து வரி உயரும் என்ற அச்சமும் பொய்யல்ல. வரி உயர்வு முதல் ஆண்டிலேயே நோட்டீஸாக வீட்டுக்கு வரும், பாதாளச் சாக்கடை மெதுவாக வரும்.

இதற்கு ஒரு நடுவழியும் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸும் செயின்ட் பாலும் மிசிசிப்பி ஆற்றையொட்டி வளர்ந்த இரட்டை நகரங்கள், இன்றுவரை இணையவில்லை. அந்த வட்டாரத்துக்கென 1967-இல் ஒரு பெருநகர மன்றம் அமைக்கப்பட்டது. 1971-இல் வந்த சட்டப்படி, வணிக, தொழில் சொத்துகளின் வரி அடித்தளத்தில் அதன் பின்னர் ஏற்படும் வளர்ச்சியில் 40 விழுக்காட்டை ஒவ்வொரு ஊரும் பொதுக் கணக்கில் சேர்க்கிறது. அது சொத்து வளம் குறைந்த ஊர்களுக்குச் சாதகமாகப் பகிரப்படுகிறது. கடைவீதி ஒரு கரையிலும் குடியிருப்பு மறு கரையிலும் இருக்கும் ஊருக்கு இது பொருத்தமான எண்ணம். கடைவீதி இருக்கும் கரைக்கு வரி கிடைக்கிறது. அந்தக் கடைகளில் வேலை செய்வோரின் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மறு கரை செலவழிக்கிறது. நம் சட்டத்தில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள இடமிருக்காது என்றே நினைக்கிறேன். அரசாணை மூலம் செலவுப் பகிர்வாகக் கேட்கலாம்.

சகோதர நகர ஒப்பந்தம் ஒன்றை நான் உள்ளிருந்து நடத்தியவன் அல்லன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழங்கோயில் சூழ்ந்த தெருக்களில் கட்டட உயரக் கட்டுப்பாடு, மழைநீர் வடிகால் போன்றவற்றில் கியோட்டோ போன்ற நகரத்திடம் கற்க வேண்டியது தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் நிறையவே இருக்கலாம். அப்படி ஒரு ஒப்பந்தம் வருமானால், நட்புறவு என்ற பொதுச் சொல்லை விட்டு ஒரே ஒரு வேலையை அதில் எழுத வேண்டும்; அதற்குப் பொறுப்பான பதவி எது, நிதி எந்தத் தலைப்பில், எத்தனை ஆண்டில் முடிய வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

எங்கள் மனுவில் கடைசியாக இடம்பெற்றவை மூன்று: இரு கரைகளுக்கும் சேர்த்து ஒரே சாக்கடைத் திட்ட வரைபடம், பாலத்தின் தாங்கிகளையும் இணைப்புகளையும் ஆண்டுதோறும் ஆய்வு செய்து அறிக்கையை இரு மன்றங்களிலும் வைப்பது, வாரச் சந்தைக் குத்தகை வருவாயில் எதிர்க்கரைக்கு ஒரு பங்கு. மூன்றாவதை நகராட்சித் தரப்பில் யாரும் எளிதில் ஏற்கமாட்டார்கள். அதனால் அதைக் கடைசியில் வைத்தோம்.