வீடு துண்டாகாமல் இருக்க: வஸிய்யத்தா, ஹிபாவா, குடும்ப வக்ஃபா?

ஒருவருக்கு ஒரே வீடு. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். எதுவும் எழுதி வைக்காமல் அவர் இறந்தால் இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி வீடு 40 பங்காகும்: மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. கணக்கு சுத்தம்தான். ஆனால் ஒரு மகன் "என் பங்கைக் காசாகக் கொடுங்கள்" என்று நின்றால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

வஸிய்யத் எனப்படும் உயில் இதற்கு உதவாது. வாரிசுகள் சம்மதிக்காமல் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. அதையும் வாரிசு ஒருவருக்கு எழுதினால், சுன்னி சட்டப்படி மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

ஹிபா எனப்படும் தானத்துக்கு அந்த வரம்பு இல்லை. உயிரோடு இருக்கும்போதே முழு வீட்டையும் கொடுத்துவிடலாம். ஆனால் கைவசத்தையும் ஒப்படைத்தால்தான் அது செல்லும். வாங்கியவர் மறுநாளே விற்றாலும் கேட்க ஆளில்லை. வீடு குடும்பத்தில் தங்க வேண்டும் என்பதுதானே நோக்கம்? அது அங்கேயே கோட்டைவிடப்படுகிறது.

வக்ஃப் அலல் அவ்லாத் எனப்படும் குடும்ப வக்ஃபில், சொத்தை இறைவன் பெயரில் அர்ப்பணித்துவிடுவதால் வீடு யாருக்கும் சொந்தமில்லை. விற்கவோ வாரிசாகப் பெறவோ முடியாது. வாடகை மட்டும் சந்ததிக்குப் போகும். சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்கு. நிர்வாகம் முதவல்லி எனப்படும் பொறுப்பாளரிடம். ஆனால் மரணப் படுக்கையில் செய்தால் ஹிபாவுக்கும் இதற்கும் மூன்றில் ஒரு பங்கு வரம்பு வந்துவிடும். கடைசிப் பலன் தர்மத்துக்கு என்பது பேருக்குத்தான் இருக்கிறது என்று சொல்லி 1894-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இப்படி ஒரு வக்ஃபைச் செல்லாதென்றது. 1913-இல் இந்தியாவில் தனிச் சட்டம் போட்டு அதைச் சரிசெய்தார்கள். எகிப்து 1952-இல் குடும்ப வக்ஃபையே ஒழித்துவிட்டது. மகளை ஒதுக்க இதைப் பயன்படுத்துவதும் பழைய வழக்கம். இந்தியாவின் 2025 திருத்தம், பெண்கள் உட்பட வாரிசுகளின் உரிமையை இதனால் பறிக்கக் கூடாது என்கிறது.

சரி, வக்ஃபு நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சிக்கல் பேரப்பிள்ளைகள் காலத்தில் வரும். மூத்தவருக்கு 1 பிள்ளை, இளையவருக்கு 3, மகளுக்கு 4. மனைவியும் மூன்று பிள்ளைகளும் காலமாகிவிட்டார்கள். தலைக்கு ஒரு பங்கு என்றால் வாடகை எட்டாகும். மூத்தவரின் பிள்ளைக்கு 1, மகளின் கிளைக்கு 4. கிளைவாரியாக, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால், மூத்தவரின் பிள்ளை ஒருவரே ஐந்தில் இரண்டை வாங்குவார். மகளின் கிளைக்கு ஐந்தில் ஒன்று; அதை நான்கு பிள்ளைகளும் சமமாகப் பிரித்தால் தலா இருபதில் ஒன்றுதான். பத்திரத்தில் "என் சந்ததிக்கு" என்று மொட்டையாக எழுதியிருந்தால் சண்டை இங்கேதான் தொடங்கும்.

அப்புறம் கூரை ஒழுகும். வருமானம் முதலில் பராமரிப்புக்கே போக வேண்டும் என்பது சட்டம். இருபதில் ஒரு பங்கு வாங்குபவரோ அதையும் ஒரு வருடம் விட்டுக்கொடுக்க மாட்டார். அடகு வைத்துக் கடன் வாங்கிப் பழுது பார்க்கவும் முதவல்லியால் தானாக முடியாது. மரபான இஸ்லாமியச் சட்டப்படி காஜியோ நீதிமன்றமோ அனுமதிக்க வேண்டும். வாடகை பல வருடமாக ஏறவில்லை, கணக்கு கேட்டால் முதவல்லி நழுவுகிறார் என்றால் அந்த வக்ஃபு ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், வாடகை வரும் கட்டடத்துக்கு வக்ஃபு பொருந்தும். குடும்பமே குடியிருக்கும் வீட்டுக்கு வேண்டாம். அங்கே பங்கிட வருமானமே இருக்காது, யார் எந்த அறையில் இருப்பது என்ற தகராறுதான் மிஞ்சும்.