நான்கு ஆண்டுகள் ஏ-ஸ்டாருடன்: ஒரு மூலை இடுக்கு கொடுத்த தொல்லை

சென்ற வாரம் நண்பனின் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, நானும் ஒரு போர் விளையாட்டு எழுதுகிறேன். வீரர்கள் வழி கண்டுபிடிக்கக் கட்டங்களும் ஏ-ஸ்டாரும் போதுமா, வேறு ஏதாவது எடுக்கட்டுமா?" அவன் கேட்ட நேரம் நல்ல நேரம் அல்ல. அதற்கு முந்தின இரவுதான் மூன்று ஆண்டுகளாக என்னை ஏய்த்துக்கொண்டிருந்த ஒரு பிழையைப் பிடித்திருந்தேன். எனவே அவனுக்கு உடனே பதில் சொல்லாமல், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் விளையாட்டு ஒரு கோட்டை முற்றுகை. வரைபடம் 128-க்கு 128 கட்டங்கள், மொத்தம் 16,384. ஒவ்வொரு கட்டமும் நடக்கக்கூடியது அல்லது தடை. ஓய்வு நேரத்தில் நான்கு ஆண்டுகளாக இதை எழுதி வருகிறேன், முதல் நாளிலிருந்தே ஏ-ஸ்டார்தான். 1968-ல் ஹார்ட், நில்சன், ரபேல் மூவரும் வெளியிட்ட, குறைந்த செலவில் வழி தேடும் முறை அது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரு ரோபோவை அறைகளுக்குள் நடத்துவதற்காகப் பிறந்தது, இன்று என் காலாட்படையை நடத்துகிறது.

முதலில் அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நேராக ஓரடி வைக்கச் செலவு 10, மூலைவிட்டமாக வைத்தால் 14. ஒரு கட்டத்தை எட்டியபோது ஆன செலவோடு, அங்கிருந்து இலக்குக்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்ற உத்தேசத்தைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக உள்ள கட்டத்தை முதலில் ஆராய்வது. உத்தேசம் தடைகளைக் கண்டுகொள்ளாது, வெட்டவெளி என்று நினைத்தே கணக்கிடும். dx, dy என்பவை இலக்கு வரை கிடையாகவும் செங்குத்தாகவும் உள்ள கட்டங்களின் எண்ணிக்கை:

```
h = 10 * (dx + dy) - 6 * min(dx, dy)
```

ஒரு வீரன் (2,3)-ல் நிற்கிறான், (8,3)-க்குப் போக வேண்டும் என்று வையுங்கள். முதல் எண் இடமிருந்து வலம், இரண்டாவது எண் மேலிருந்து கீழ். நடுவில், ஐந்தாம் நிரலில், வரிசை 1 முதல் 4 வரை ஒரு சுவர். புறப்படும்போது உத்தேசம் 60, அதாவது நேராக ஆறடி. (3,3), (4,3) இரண்டின் கூட்டுத்தொகையும் அதே 60-லேயே வருகிறது, எனவே தேடல் நேராகச் சுவரில் போய் முட்டுகிறது. 60-ல் வேறு கட்டம் இல்லை. அப்போது 68-ல் காத்திருக்கும் (3,4), (4,4) போன்ற கட்டங்களை எடுக்கிறது, மேலே உள்ள (3,2), (4,2)-ஐயும் சேர்த்துத்தான். அவையும், 74-ல் உள்ள (2,2), (2,4) இரண்டும் தீர்ந்தபின் 76. (4,5), (5,5), (6,5) என்று சுவரின் அடியைச் சுற்றி இலக்கை அடைகிறது. மொத்தச் செலவும் 76. மேல்பக்கமாகச் சுற்றியிருந்தால் 96 ஆகியிருக்கும், அந்தப் பக்கத்தில் அது அதிக தூரம் போகவே இல்லை. தேவைக்கு மேல் ஒரு படிகூட விட்டுக்கொடுக்காமல் 60, 68, 74, 76 என்று ஏறிவரும் இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆராய்ந்த கட்டங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் வசதியை இரண்டாம் வாரத்திலேயே எழுதிக்கொண்டேன். வெட்டவெளியில் அந்த நிறம் ஒரு மெல்லிய கோடாக இலக்கை நோக்கி ஓடுவதை எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை.

இப்போது தொல்லைக்கு வருகிறேன். வழி இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னால் என்ன ஆகும்? மேலே சொன்ன அதே பிடிவாதம் வேலை செய்யும். 76-ல் கிடைக்கவில்லையா, 80. அதிலும் இல்லையா, இன்னும் மேலே. வழி இல்லை என்று அதற்குத் தெரிவது எட்டக்கூடிய கட்டங்கள் எல்லாமே தீர்ந்துபோன பிறகுதான். இருபதடி தொலைவில் உள்ள வெட்டவெளிக்கு இருபது கட்டம் ஆராய்ந்த அதே தேடல், அதே இருபதடியில் அகழிக்கு நடுவே உள்ள திட்டைச் சொடுக்கினால் பதினோராயிரம் கட்டங்களைத் தின்றுவிடும். நிறம் பூசிப் பார்த்தால் தரையில் கொட்டிய தண்ணீர் போல வரைபடம் முழுக்கப் பரவியிருக்கும். ஒரு வீரனுக்கு ஒன்பது மில்லி விநாடி. முப்பது வீரர்களைத் தேர்ந்தெடுத்துத் திட்டைச் சொடுக்கினால் கால் விநாடிக்கு மேல் திரை அப்படியே உறைந்து நிற்கும். விளையாடுபவருக்கு அது தெளிவாகத் தெரியும்.

முதலில் நான் செய்தது தவறான வைத்தியம். நான்காயிரம் கட்டங்களுக்கு மேல் தேடாதே என்று உச்சவரம்பு வைத்தேன். உறைவது நின்றது. ஆனால் ஏரியைச் சுற்றிப் போகவேண்டிய உண்மையான நீண்ட வழிகள் சிலவற்றுக்கு நான்காயிரம் போதவில்லை. வழி இருந்தும் வீரர்கள் புறப்பட மறுத்து நின்றார்கள். வழி இல்லாததற்கும் தேடி முடியாததற்கும் வேறுபாடு தெரியாத விளையாட்டை யாரிடமும் காட்ட முடியாது. ஒரே மாதத்தில் அந்த வரம்பைத் தூக்கிவிட்டேன்.

சரியான வைத்தியம் எளிமையானது, ஏ-ஸ்டாருக்கு வெளியே இருப்பது. வரைபடம் ஏற்றப்பட்டதும் ஒரு கட்டத்திலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த நடக்கக்கூடிய கட்டங்களுக்கெல்லாம் ஒரே எண்ணைப் பரப்ப வேண்டும். பரப்ப இடமில்லாதபோது, எண் பெறாத வேறொரு கட்டத்திலிருந்து அடுத்த எண்ணோடு தொடங்க வேண்டும். முடிவில் பெருநிலம் 1, அகழித் திட்டு 2, கோட்டைக்குள் 3 என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் இருக்கும். வழி தேடும் முன் இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்:

```
if region[start] != region[goal]:
    goal = nearest_in_region(goal, region[start])
```

எண் வேறானால் வழி கிடையாது. சொடுக்கிய இடத்திலிருந்து வளையம் வளையமாக வெளியே வந்து, வீரனின் பகுதியைச் சேர்ந்த முதல் கட்டத்தை இலக்காக்கிவிடலாம். வீரர்கள் அகழிக்கரை வரை போய் நிற்பார்கள். விளையாடுபவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இதை எழுதி முடித்த நாளில் எனக்கு இருந்த மகிழ்ச்சி பெரிது.

சுவர் கட்டும்போது எண்களை மாற்ற வேண்டுமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் முழு வரைபடத்தையும் மறுபடி நிரப்ப வேண்டியதில்லை. புதிய தடையைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களை ஒரு சுற்று பாருங்கள். அவற்றில் திறந்தவை இடைவெளியில்லாமல் ஒரே தொடராக இருந்தால் எதுவும் பிளவுபடவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாக இருந்தால் மட்டும் பிளவுபட்டிருக்கலாம், அப்போது நிரப்பினால் போதும். என் கோட்டைச் சுவர்களில் பெரும்பாலான கற்கள் இந்தச் சோதனையோடு தப்பிவிடுகின்றன.

இவ்வளவு செய்தும் எப்போதாவது ஒருமுறை திரை உறையும். மாதம் ஒன்றோ இரண்டோ தடவை, அதுவும் முற்றுகையின் உச்சத்தில். மூன்று ஆண்டுகள் நான் படம் வரையும் பகுதியையும் ஒலியையும் நினைவகத்தையும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் ஒரு முற்றுகையில் உறைந்த அதே நொடியில் விளையாட்டை நிறுத்தி, நிறப் படத்தைத் திறந்தேன். பெருநிலம் முழுக்க நிறம் கொட்டிக் கிடந்தது. கோட்டைக் கதவு மூடியிருந்தது, எதிரிப் படைக்கு உள்ளே போக உத்தரவு. உள்ளே 3, வெளியே 1 என்று இருக்கவேண்டிய எண்கள் இரண்டு பக்கமும் 1 ஆக இருந்தன.

வடமேற்கு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது. சுவரின் கடைசிக் கட்டமும் பாறையின் முதல் கட்டமும் பக்கத்தோடு பக்கம் ஒட்டவில்லை. முனையோடு முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன:

```
. #
# .
```

மேலே வலதில் சுவர், கீழே இடதில் பாறை. மேலே இடதில் உள்ள புள்ளி வெளியே, கீழே வலதில் உள்ள புள்ளி கோட்டைக்குள். வீரர்கள் சுவர் முனையை உரசிப் போவது அசிங்கமாக இருக்கிறது என்று, மூலைவிட்ட அடிக்கு இரு பக்கக் கட்டங்களும் திறந்திருக்க வேண்டும் என ஏ-ஸ்டாரில் விதி வைத்திருந்தேன். எனவே அந்த இடுக்கில் அது நுழையாது. ஆனால் எண்ணைப் பரப்பிய நிரல் எட்டுத் திசையிலும் பரப்பியது, அந்த விதி அதற்குத் தெரியாது. எண் அந்த இடுக்கு வழியாக உள்ளே கசிந்துவிட்டது. எண்ணைக் கேட்டால் வழி உண்டு என்றது, தேடிப் போனால் வழி இல்லை, மறுபடியும் பதினோராயிரம் கட்டங்கள்.

திருத்தம் ஒரே ஒரு வரி: எண்ணை நான்கு திசையில் மட்டும் பரப்ப வேண்டும். மூலைவிட்ட அடிக்கு இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும் என்றால், அந்த அடியை எப்போதுமே இரண்டு நேர் அடிகளாக நடந்துவிட முடியும். ஆகவே எங்கெங்கே போக முடியும் என்ற கேள்விக்கு நான்கு திசைகளே முழு விடை தருகின்றன. இது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டியது. உங்கள் தேடலில் மூலை உரசலைத் தடுத்திருந்தால், இன்றே உங்கள் நிரப்பும் நிரலைத் திறந்து பாருங்கள்.

இன்னும் ஒரு மனக்குறை தீரவில்லை. என் யானைக்கு இரண்டுக்கு இரண்டு, நான்கு கட்டம் வேண்டும். ஒரு கட்ட அகலச் சந்தில் காலாள் போவான், யானை போகாது. காலாளுக்காகப் பரப்பிய எண்ணை யானைக்குப் பயன்படுத்தினால் பழைய கதைதான், அதற்கென்று தனி எண்ணிடல் தேவை. நகரும் வீரர்கள் ஒருவருக்கொருவர் தடையாவதையும் இந்தக் கட்டங்கள் தீர்ப்பதில்லை. 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்டில் கனிமம் சுமக்கும் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வரும்போது ஒருவரை ஒருவர் ஊடுருவிச் செல்லும்படி விட்டிருந்தார்கள். நெரிசல் தீர அவர்கள் எடுத்த அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

தம்பிக்கு என் பதில்: ஏ-ஸ்டாரை நான் பரிந்துரைக்கவில்லை. உன் விளையாட்டில் ஐம்பது பேர் ஒரே இடத்துக்குப் போகிறார்கள் என்றால், இலக்கிலிருந்து ஒருமுறை செலவைப் பரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் திசையில் நகர வேண்டும் என்று எழுதி வைத்துவிடு. 2010-ல் சுப்ரீம் கமாண்டர் 2 அந்த வழியில்தான் போனது. ஐம்பது பேருக்கும் ஒரே கணக்கு. வழி இல்லையென்றால் பரவல் அவர்களை எட்டாது, அவ்வளவுதான். தோல்விக்கென்று ஐம்பது மடங்கு அபராதம் கட்ட வேண்டியதில்லை. அந்த அபராதத்தை நான் மூன்று ஆண்டுகள் கட்டியிருக்கிறேன், இன்னொருவரைக் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கோட்டையில் ஏ-ஸ்டார்தான் இருக்கும். திருத்தியபின் அதே முற்றுகையை மறுபடி ஓட்டினேன். எதிரிப் படை மூடிய கதவின் முன்னால் வந்து வரிசையாக நின்றது, திரை ஒரு ஃபிரேம்கூடத் தவறவில்லை. வருகிற சனிக்கிழமை யானைக்கான எண்ணிடலை எழுத உட்காருகிறேன்.