சீட்டு அடுக்கி மெனுவுக்குப் பெயர் வைத்த கதை: இரண்டு வருட அனுபவம்

மண்டபம் பக்கம் ஒரு சின்ன தொழிற்பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். வெப்சைட்டும் என் தலையில்தான். பழைய மெனுவில் ‘சேர்க்கை’, ‘பாடப்பிரிவுகள்’, ‘மாணவர் சேவைகள்’, ‘பதிவிறக்கங்கள்’ என்று நான்கு பெயர்கள் இருந்தன. ஆபீஸில் எந்த மேசையில் எந்த ஃபைல் இருக்கிறதோ, அதுதான் மெனு. “மிஸ், ரெண்டாவது தவணை எம்புட்டு?” என்று வாரம் முழுக்க போன் வரும். விடை சைட்டிலேயே இருந்தது, ‘பதிவிறக்கங்கள்’ உள்ளே ஒரு பி.டி.எஃப். ஆக. பீஸ் எவ்வளவு என்று பார்க்க யார் அங்கே போய்த் தேடுவார்கள்?

அதற்காகத்தான் கார்டு சார்ட்டிங்கை எடுத்தேன். சைட்டில் இருக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு சீட்டில் எழுதி, கலைத்து, மாணவர் கையில் கொடுக்க வேண்டும். எது எதோடு சேரும் என்று அவர்களே குவியல் பிரித்து, குவியலுக்குப் பெயரும் வைப்பார்கள். எனக்கு 32 சீட்டு வந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை வெட்டிச் செய்தேன். ஆளுக்கு அரை மணி நேரம் போதும். எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு, வெப்சைட்டுகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2004-இல் 15 பேர் என்று சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு, 18 பேரை உட்கார வைத்தேன். ஜன்னலோரம் மட்டும் உட்கார வைக்காதீர்கள். முதல் நாளே காற்றில் பாதிக் குவியல் பறந்துவிட்டது, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை ஒரு பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பிறகுதான் வேலை நடந்தது.

முதல் சுற்று பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பொய். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், போனஃபைடு சான்றிதழ், கோர்ஸ் முடிப்புச் சான்றிதழ் என நான்கு சீட்டுகள். 18 பேரில் 16 பேர் நான்கையும் ஒரே குவியலில் வைத்தார்கள். ‘சான்றிதழ்கள்’ என்று ஒரு மெனுவே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கடைசியாக அடுக்கிய பெண்ணிடம் ஏன் இப்படி வைத்தாய் என்று கேட்டால், “எல்லாத்துலயும் சான்றிதழ்னு போட்டிருக்குல்ல மிஸ்” என்றாள். அவள் பொருளைப் பார்த்து அடுக்கவில்லை, எழுத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறாள். முதல் இரண்டும் சேரும்போது அவள் எங்களிடம் கொடுப்பவை, போனஃபைடு நடுவில் பஸ் பாஸுக்காகக் கேட்பது, கடைசி ஒன்று முடித்துவிட்டு வாங்கிப்போவது. ஒரே சொல் பல சீட்டில் வந்தால் இந்தக் கோளாறு நிச்சயம் வரும். ஒரு குவியல் மட்டும் எல்லோரிடமும் அச்சடித்த மாதிரி இருந்தால், அந்தச் சீட்டுகளைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பொதுச் சொல் காதில் விழும்.

திருத்தியபோது அடுத்த தப்பு செய்தேன். ‘சேரும்போது கொடுக்க வேண்டியவை’ என்று எழுதினேன். அப்படி எழுதினால் எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று சீட்டே சொல்லிவிடுகிறது. மூன்றாவது முயற்சியில்தான் ‘டி.சி., கம்யூனிட்டி ஒரிஜினல்’, ‘பஸ் பாஸுக்கு லெட்டர்’, ‘கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட்’ என்று அவர்கள் வாயில் வரும் பெயருக்கு வந்தேன். அடுத்த சுற்றில், சேரும்போது கொடுக்கும் தாளையும் கோர்ஸ் சர்டிபிகேட்டையும் சேர்த்து வைத்தவர்கள் 3 பேர்தான்.

இன்னொரு தப்பு, முதல் சுற்றில் உட்கார்ந்த எல்லோரும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள். ‘பேட்ச்’, ‘இன்டர்னல்’ என்று எங்கள் பாஷை அவர்களுக்குத் தொற்றிவிட்டது. சைட்டைத் தேடி வருகிறவர்களோ இன்னும் சேராதவர்கள். ஆகையால் இரண்டாம் சுற்றை மே மாதத்தில், விசாரிக்க வந்தவர்களை வைத்து நடத்தினேன். அந்தச் சமயத்தில் ஆள் கிடைப்பதும் சுலபம்.

எண்ணுவதற்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை, எக்செல் போதும். வரிசைக்கு ஒரு சீட்டு, பத்திக்கு ஒரு ஆள், கட்டத்தில் அந்த ஆள் அந்தச் சீட்டை வைத்த குவியலின் எண். இரண்டு சீட்டுகளை எத்தனை பேர் ஒன்றாக வைத்தார்கள் என்பதற்கு:

```
=SUMPRODUCT((B2:S2=B3:S3)*(B2:S2<>""))
```

பின்பாதியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் இரண்டு சீட்டைத் தொடாமல் விட்டிருந்தால் காலியும் காலியும் சமம் என்று எக்செல் அதையும் ஒரு ஓட்டாகச் சேர்த்துவிடும். எனக்கு ஒரு நாள் முழுக்க இதில் போனது.

இந்தக் கணக்கில் 16, 17 வந்தால் சேர்த்துவிடலாம், 1, 2 வந்தால் பிரித்துவிடலாம். தொல்லை நடுவில்தான். 45 நாள் அவுட்போர்டு என்ஜின் கோர்ஸும் 30 நாள் வெல்டிங்கும் சரியாக 9 பேரிடம் ஒன்றாக இருந்தன. குழம்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்தி பத்தியாக, ஆள் ஆளாகப் பார்த்த பிறகு விஷயம் புரிந்தது. சேர்த்து வைத்த ஒன்பது பேரும் விசைப்படகு வீட்டுப் பிள்ளைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். அதற்குள் முடிகிற கோர்ஸ் எல்லாம் அவர்களுக்கு ஒரே ஜாதி. குவியலின் பெயரே ‘தடைக்காலத்துல முடியுறது’. நாட்டுப்படகு வீட்டுப் பையனுக்கு அந்தத் தடை கிடையாது, கீழக்கரையிலிருந்து வந்தவர்களுக்கு வெல்டிங் என்றால் வெளிநாடு. அவர்கள் என்ஜினைக் கடல் வேலையோடும் வெல்டிங்கை வெளிநாட்டு வேலையோடும் வைத்தார்கள். ஒருவரும் குழம்பவில்லை, இரண்டு கட்சி இருந்தது, அவ்வளவுதான். மொத்த எண்ணிக்கை அதைக் காட்டாது. கடைசியில் மெனுவில் ‘கோர்ஸ்கள்’ என்று ஒன்றே வைத்து, உள்ளே ‘தடைக்காலத்தில் முடிபவை’, ‘வெளிநாடு போக’ என்று இரண்டு வழி விட்டோம். வெல்டிங் இரண்டிலும் இருக்கும். ஒரு பொருள் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பெயர் வைப்பதில் ஒரு விஷயம். பேனாவைக் கையில் கொடுத்தால் மாணவர்களுக்குப் பரீட்சை நினைப்பு வந்துவிடும். குவியலின் மேல் ‘கட்டண விவரங்கள்’ என்று எழுதுவார்கள், வாய் ‘பீஸு’ என்று சொல்லும். எழுதியதை விட்டு, பேசியதைக் குறித்தேன். அதற்கு இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைப்பது நல்லது, “இது பீஸோட போகும்ல?” என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எங்கள் நிர்வாகி சார் மட்டும், “பீஸ்னு போட்டா இன்ஸ்டிட்யூட் மாதிரியா இருக்கும்?” என்றார். அதனால் வாக்குவாதம் செய்யாமல் சோதித்தேன். மெனுவை வெறும் எழுத்தாகத் தாளில் போட்டு, “ஜூலையில அப்பா எவ்வளவு ரெடி பண்ணணும்னு பார்க்கணும், எதைத் தொடுவே?” என்று கேட்டேன். கேள்வியில் பீஸும் தவணையும் வராமல் பார்த்துக்கொண்டேன், வந்தால் சொல்லைத் தேடிவிடுவார்கள். பழைய மெனுவைப் பார்த்த 10 பேரில் 2 பேர் சரியான இடத்தைத் தொட்டார்கள். ‘பீஸ், தவணை’ என்று இருந்த புதிய மெனுவைப் பார்த்த வேறு 10 பேரில் 8 பேர். சார் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. ‘சேர்க்கை’யும் ‘சேர என்ன வேணும்’ ஆனது.

தவணை கேட்டு வரும் போன் இப்போது அபூர்வம். ஆனால் ‘மாணவர் சேவைகள்’ இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. பஸ் பாஸ் லெட்டரை இரண்டாம் சுற்றில் ‘மத்தது’ குவியலில்தான் போட்டார்கள். ‘படிக்கிறவங்களுக்கு’ என்று மாற்றினேன், மாணவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் லெட்டரைக் கேட்டு போன் பண்ணுவது பெரும்பாலும் அம்மாக்கள். அவர்கள் படிக்கிறவர்கள் இல்லையே, அந்தப் பெயரை எப்படித் தொடுவார்கள்? அடுத்த தடைக்காலத்தில் சீட்டை அவர்கள் கையில் கொடுக்கப் போகிறேன்.