உசாத்துணைப் பட்டியலை ரைப் செய்யக் கொடுப்பவர்கள் கவனம்: இல்லாத ஆண்டையும் போட்டுத் தருகிறார்கள்

திருகோணமலையில் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உசாத்துணைப் பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்பினால், ஏபிஏ முறையில் ஒழுங்காக்கித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். அப்படி ஒருவரிடம் கொடுத்து நான் ஏமாந்தேன். எழுத்துப்பிழை என்றால் திருத்திவிட்டுப் போயிருப்பேன். நடந்தது அதைவிட மோசம். படத்தில் தெரியாத இடங்களையெல்லாம் அவர் தன் எண்ணத்துக்கு நிரப்பி, ஒரு குறையுமில்லாத பட்டியலாகத் தந்துவிட்டார்.

என் ஆய்வு கொட்டியாரக் குடாவை அண்டிய கண்டல் காடுகளைப் பற்றியது. 2004 சுனாமியின்போது கண்டல்கள் கரையைக் காத்தனவா என்ற விவாதம் அதில் ஒரு முக்கியமான பகுதி. அதற்கான கட்டுரைகளின் விபரம் ஒரு பழைய ஆய்வறிக்கையின் பின்பக்கங்களில் இருந்தது. நூலகத்தில் அதை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். தடித்த கட்டு வேறு, விரித்துப் பிடித்தாலும் நடுவில் வளைந்து நிற்கும். அப்படியே படமெடுத்தேன். அந்தப் பட்டியலில் ஆண்டு ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் இருந்தது. அதனால் இடப்பக்கத் தாள்களில் சில ஆண்டுகள் கட்டின் மடிப்புக்குள் போய்விட்டன. இதைப் படங்களோடு சேர்த்தே எழுதி அனுப்பினேன்: "மடிப்பில் சில இடம் தெரியாது தம்பி, தெரியாததைத் தெரியாது என்றே குறித்துத் தாருங்கள்." "பிரச்சினையில்லை டீச்சர்" என்று பதில் வந்தது. முற்பணமும் கொடுத்தேன்.

வந்த பட்டியல் பார்க்க மிக அழகு. தொங்கும் உள்தள்ளல், சாய்ந்த எழுத்தில் இதழ்ப்பெயர், அகரவரிசை எல்லாம் சரி. ஒரு இடத்திலும் குறிப்பு இல்லை, கேள்விக்குறி இல்லை. மீதிக் காசையும் கொடுத்தேன். என் மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அலோங்கியின் கட்டுரை 2005 இலா வந்தது?"

அலோங்கி என்பவர் கண்டல் காடுகள் சுனாமியையும் காலநிலை மாற்றத்தையும் தாங்குவதைப் பற்றி எழுதிய கட்டுரை அது. 'எஸ்சுவரைன், கோஸ்டல் அண்ட் ஷெல்ஃப் சயன்ஸ்' இதழின் 76ஆம் தொகுதியில், 1 முதல் 13 வரையான பக்கங்களில் வந்தது. படத்தில் '200' வரை தெரியும், கடைசி இலக்கம் மடிப்புக்குள். மேலேயும் கீழேயும் இருந்த பதிவுகள் 2005 என்பதால் இதற்கும் 2005 போட்டிருந்தார். சரியான ஆண்டு 2008. இதைக் கண்டுபிடிக்க நூலகத்துக்குத் திரும்பப் போகத் தேவையே இல்லை. அதே பழைய பட்டியலில் அதே இதழின் 65ஆம் தொகுதி 2005 என்றும், 67ஆம் தொகுதி 2006 என்றும் தெளிவாக அச்சாகியிருக்கிறது. 67 வந்தது 2006 இல் என்றால் 76 எப்படி 2005 ஆகும்? ஆண்டு தெரியாத இடத்தில் தொகுதி எண்ணைப் பார்த்தால் குறைந்தது எது பிழை என்றாவது தெரிந்துவிடும். சரியான ஆண்டை அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்த இதழ் ஒரே ஆண்டில் பல தொகுதிகள் வெளியிடுகிறது. 'கரண்ட் பயோலஜி' மாதிரி ஆண்டுக்கு ஒரு தொகுதி வரும் இதழில்தான் அந்தக் கணக்கு ஓடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவையும் படத்தோடு வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வந்தது. இலங்கைக் கரைகளில் கண்டல்கள் எந்தளவுக்குத் தடுப்பாக இருந்தன என்று 2005 இல் 'கரண்ட் பயோலஜி'யில் வந்த கட்டுரை, எங்கள் நாட்டு ஆய்வாளர் ஜயதிஸ்ஸவும் சேர்ந்து எழுதியது. அதன் பக்க எண்களில் எழுத்து இருக்கிறது. அந்த இதழில் முன்பகுதிக் கட்டுரைகளின் பக்கங்களுக்கு R சேர்த்துத்தான் எண் போடுவார்கள். படத்தில் R மங்கல், 8 மாதிரித் தெரியும்.

```
தந்தது:    Current Biology, 15, 8443–8447.
சரியானது: Current Biology, 15(12), R443–R447.
```

இந்த இதழின் ஒரு தொகுதியில் எட்டாயிரத்துச் சொச்சம் பக்கம் வருமா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். '(12)' என்ற வெளியீட்டு எண் பழைய பட்டியலிலேயே இல்லை, அதை நான் இணையத்தில் தேடி எடுத்தேன். அவர் அதை விட்டதில் எனக்குக் குறையில்லை. விட்டிருக்கிறேன் என்று சொல்லாததுதான் குறை.

அடுத்தது டேனியல்சன் குழுவினர் கரையோரத் தாவரங்களைப் பற்றி எழுதிய கட்டுரை. 'சயன்ஸ்' இதழ், 310ஆம் தொகுதி, பக்கம் 643. ஒரே பக்கக் கட்டுரை. மற்ற எல்லாப் பதிவிலும் இரண்டு எண் இருக்கிறதே என்று அவர் இதையும் '643–650' ஆக்கிவிட்டார். ஒரே சீராக என்றால் கோடும் புள்ளியும் அடைப்புக்குறியும் ஒரே சீராக இருப்பது. பக்க எண்ணைச் சீராக்குவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் சீராக்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டிருந்தார்: பழைய பட்டியலில் '601-6' என்று சுருக்கி அச்சாகியிருந்ததை ஏபிஏ முறையில் '601–606' என்று விரிக்க வேண்டும், அவர் விரிக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சேதம் இதுதான். அந்த 601–606, கதிரேசனும் ராஜேந்திரனும் தமிழ்நாட்டுக் கரையில் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, கண்டல்கள் சுனாமியைத் தணித்தன என்று 2005 இல் எழுதிய கட்டுரை. அதை மறுத்துக் கெர், பெயர்ட், காம்பெல் மூவரும் 2006 இல் அதே இதழில் எழுதினார்கள். சேதம் கூடியதும் குறைந்ததும் நிலத்தின் உயரத்தாலும் கரையிலிருந்த தூரத்தாலும்தான் என்பது அவர்கள் வாதம். மறுப்புக் கட்டுரை என்பதால் அதன் தலைப்புக்குள்ளேயே முதல் கட்டுரையின் தலைப்பு முழுதாக இருக்கும், முன்னால் 'கருத்துரைகள்' என்ற சொல்லும் பின்னால் முதல் கட்டுரையை எழுதியவர்களின் பெயர்களும் கூட. இவர் அதை 'இரண்டு தரம் வந்திருக்கிறது' என்று நினைத்து வெட்டிவிட்டார். என் கட்டுரையில் கெர் 2006 என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை! ஒரு விவாதத்தின் ஒரு பக்கத்தையே காணாமல் செய்த வேலை இது.

இதற்குள் இன்னொன்றும் புரிந்தது. 'விபரம் இல்லை' என்பதில் மூன்று வகை உண்டு, அவர் மூன்றையும் போட்டுக் குழப்பியிருந்தார். முதல் வகை, அச்சில் இருக்கிறது, படத்தில் தெரியவில்லை. அலோங்கியின் ஆண்டு அப்படி. இரண்டாவது வகை, பட்டியல் தயாரித்தவரே விட்டுவிட்டார், ஆனால் மூலக் கட்டுரையில் இருக்கும். மேலே சொன்ன 12 அப்படி. 'டேனியல்சன் மற்றும் பிறர்' என்று இருப்பதும் இந்த வகைதான், ஏனென்றால் ஏபிஏ ஏழாம் பதிப்பு 20 பேர் வரைக்கும் எல்லாப் பெயரையும் கேட்கிறது. மூன்றாவது வகை, மூலத்திலேயே இல்லை. என் பட்டியலில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது, அதில் எங்குமே ஆண்டு கிடையாது. அதற்கு மட்டும்தான் n.d. போட வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? மடிப்பில் ஆண்டு மறைந்த ஒரு திணைக்கள அறிக்கைக்கு n.d. போட்டார். உண்மையில் ஆண்டு இல்லாத பிரசுரத்துக்கு, சுனாமி பற்றியது என்பதால் 2005 போட்டார். n.d. என்பது 'நூலிலேயே திகதி இல்லை' என்று வாசகருக்குச் சொல்லும் ஒரு தகவல். என் படத்தில் தெரியவில்லை என்பதற்கு அதைப் போட்டால் அது பொய்.

கடைக்குப் போய்ப் படங்களையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "எல்லாம் ஒரே மாதிரி வரவேணும் எண்டுதானே டீச்சர் கேட்டனீங்கள், வெறுமையா விட்டா ஆக்கள் வேலை முடியேல்லை எண்டுவினம்" என்றார். நான் அனுப்பிய செய்தியைத் திறந்து காட்டினேன். திரும்ப ரைப் செய்து தருகிறேன் என்றார், காசு தரமாட்டேன் என்றார். திரும்ப அவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

நானே திருத்தினேன். வேலை நினைத்த அளவுக்குக் கடினமில்லை. முதலில் படத்தில் இருப்பதை இருப்பதுபோலவே, பழைய வடிவிலேயே தட்டச்சு செய்து, தெரியாத எழுத்துக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போட்டேன்: 200[?]. அப்புறம் ஒவ்வொரு தலைப்பையும் search.crossref.org இல் தேடி, கிடைத்த தொகுதியும் பக்கமும் படத்தில் தெரியும் தொகுதியோடும் பக்கத்தோடும் பொருந்தினால் மட்டும் விடுபட்டதை எடுத்தேன். தலைப்பு மட்டும் பொருந்தினால் போதாது, கெர் கட்டுரை அதற்குச் சாட்சி. இணையத்தில் எடுத்ததை வேறு நிறத்தில் வைத்தேன், மேற்பார்வையாளருக்கு எது அச்சில் இருந்தது, எது நான் சேர்த்தது என்று தெரிய வேண்டும். ஏபிஏ வடிவுக்கு மாற்றியது எல்லாவற்றுக்கும் கடைசியில். பிறகு கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தேன். உள்நாட்டுத் திணைக்கள அறிக்கைகள் இணையத்தில் அகப்படவில்லை, அவற்றுக்கு மட்டும் நூலகத்துக்குப் போய், மடிப்பை அமர்த்திப் பிடித்து அந்த ஓரத்தைத் தனியாகப் படமெடுத்தேன்.

யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், முழுப் பட்டியலையும் அனுப்ப முன் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பிப் பாருங்கள். ஆண்டு மறைந்த பதிவு ஒன்றாவது அந்தப் பக்கத்தில் இருக்கட்டும், அதன் சரியான ஆண்டு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அந்த இடம் குறியோடு திரும்பி வந்தால், அல்லது எங்கே தேடி எடுத்தார் என்ற விபரத்தோடு வந்தால் மீதியை அனுப்பலாம். சும்மா ஒரு ஆண்டோடு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கனவே இப்படி ஒரு பட்டியலை வாங்கி வைத்திருப்பவர்கள், சமர்ப்பிக்க முன் n.d. என்று இருக்கும் பதிவுகளையும், ஒரே இதழின் தொகுதி எண்ணும் ஆண்டும் முன்னுக்குப்பின் முரணாக நிற்கும் பதிவுகளையும் முதலில் எடுத்துப் பாருங்கள். என் பட்டியலில் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன.