25-ஆம் கல்யாண நாள்: மகாலா, ஏலகிரியா, பழைய கேசட்டா?

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது 2000-இல், ஆற்காட்டில். 25 வருஷம் முடிகிறது என்றதும் வீட்டில் மூன்று யோசனைகள் வந்தன.

மகால் பிடிப்பதை நான் உடனே தள்ளிவிட்டேன். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், போட்ட மொய்யைத் திரும்ப வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று யாராவது சொல்வார்கள்.

ஏலகிரி அப்படியில்லை, கல்யாணமானதும் நாங்கள் போன முதல் ஊர் அது. அப்போது ஆற்காடு, காட்பாடி, ஏலகிரி எல்லாமே வேலூர் மாவட்டம்தான். 2019-இல் பிரித்த பிறகு அதே பயணத்துக்கு மூன்று மாவட்டம் தாண்ட வேண்டும். ஆனால் அங்கே போனால் அது எங்கள் இரண்டு பேருக்கான நாளாக மட்டும் ஆகிவிடும். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வர மாமியாருக்கு முடியாது.

கடைசியில் ஜெயித்தது கல்யாண வீடியோ கேசட். மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகை புரொஜெக்டரில் போட்டோம், வந்தவர்கள் இருபது பேருக்குள்தான்.

இதில் சிக்கலே கேசட்டின் நிலைமைதான், அதனால் இரண்டு மாதம் முன்னாடியே எடுத்துப் பாருங்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே பிளேயரில் போடக் கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். எங்கள் முகூர்த்தக் கேசட்டை ஒரு கடையில் பார்க்காமலே போட்டுவிட்டார்கள், படம் முழுக்கப் புள்ளி. அப்புறம் வேறொருவர் டேப்பைச் சுத்தம் செய்துதான் மீட்டுக் கொடுத்தார், அப்படியும் தாலி கட்டும் இடத்தில் கொஞ்சம் போயே போய்விட்டது. பூஞ்சை இல்லாத ரிசப்ஷன் கேசட்டை, பல வருஷம் அசையாமல் இருந்ததால், முழுக்க ஒருமுறை முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்றிவிட்டு டிஜிட்டலாகப் பதிவு செய்தோம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், சீக்கிரம் முடிக்க வழியில்லை. ஒரிஜினலை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். (ஆல்பம் பற்றிப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், எங்களுடையது ஒன்றுதான். பிளாஸ்டிக்கில் ஒட்டிய படங்களைப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்தோம்.)

இன்னொன்று. அந்தக் கால வீடியோக்காரர் எடிட்டிங்கில் முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார், ஒருத்தர் குரலும் இல்லை. அதனால் நாங்கள் சத்தத்தை அணைத்துவிட்டு, கேசட் ஓட ஓட, பெரியவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்தோம். பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவரை எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. மாமியார்தான் நிறுத்தச் சொன்னார்கள். "பரிமாற ஆள் வரலன்னு உங்க மாமா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாரு. அவன் கடைசிவரைக்கும் சாப்பிடவே இல்ல."