நாலு வேன், நாலு லைன்: செலவைக் குறைப்பதா, லாபத்தைக் கூட்டுவதா?

கோயம்புத்தூரில் மசாலா, நொறுக்குத்தீனி மொத்த விநியோகம் செய்யும் ஒரு ஏஜென்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு டிரைவர்கள், நாலு லைன். டிரைவரே கடை கடையாக ஆர்டர் எடுத்து சரக்கையும் இறக்குவார். யாரை எந்த லைனுக்கு அனுப்புவது?

இதற்கு மூன்று வழிகளை ஒப்பிடலாம். கண்ணுக்குத் தெரியும் சிறந்த ஜோடியை முதலில் பூட்டுவது ஒரு வழி. ஆட்களையும் வேலைகளையும் மொத்தத்தில் சிறப்பாக ஜோடி சேர்க்கும் ஹங்கேரியன் முறையில் செலவைக் குறைப்பது இரண்டாவது. அதே முறையில் லாபத்தைக் கூட்டுவது மூன்றாவது. கீழே உள்ள எண்கள் கற்பனைதான், ஒரு நாள் கணக்கு, நூறு ரூபாயில். முதலில் டீசல், டோல், பேட்டா சேர்ந்த செலவு:

| | பொள்ளாச்சி | மேட்டுப்பாளையம் | திருப்பூர் | பாலக்காடு |
|---|---|---|---|---|
| முருகன் | 9 | 10 | 14 | 12 |
| செல்வம் | 10 | 15 | 16 | 17 |
| அன்வர் | 12 | 11 | 13 | 13 |
| ஜோசப் | 13 | 14 | 15 | 12 |

கண்பார்வைக் கணக்கில் முதலில் 9 பிடிபடும்: முருகன் பொள்ளாச்சிக்கு. மீதியில் சிறியது 11, அன்வர் மேட்டுப்பாளையத்துக்கு. அடுத்து ஜோசப் பாலக்காட்டுக்கு 12. கடைசியில் செல்வத்துக்கு மிஞ்சுவது திருப்பூர், 16. மொத்தம் 48. இந்த வழியின் கோளாறு எப்போதும் கடைசி ஆளிடம்தான் தெரியும். அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை முதல் தேர்வு யோசிப்பதே இல்லை.

ஹங்கேரியன் முறை வேறு மாதிரி போகிறது. ஒவ்வொரு நிரையிலிருந்தும் அதன் சிறிய எண்ணைக் கழிக்கிறோம்: 9, 10, 11, 12, ஆக 42. எந்த ஒதுக்கீட்டிலும் ஒரு நிரையில் ஒரே ஒரு கட்டம்தான் இடம்பெறும். அதனால் இந்தக் கழித்தல் எல்லா ஒதுக்கீடுகளையும் ஒரே அளவில் இறக்குகிறது, எது சிறந்தது என்பது மாறாது. அடுத்து நிரல்களில் அதையே செய்தால் திருப்பூரில் மட்டும் இன்னொரு 2 கழிகிறது. இப்போது கிடைப்பது:

| | பொள்ளாச்சி | மேட்டுப்பாளையம் | திருப்பூர் | பாலக்காடு |
|---|---|---|---|---|
| முருகன் | 0 | 1 | 3 | 3 |
| செல்வம் | 0 | 5 | 4 | 7 |
| அன்வர் | 1 | 0 | 0 | 2 |
| ஜோசப் | 1 | 2 | 1 | 0 |

முருகனுக்கும் செல்வத்துக்கும் பொள்ளாச்சியில் மட்டுமே பூஜ்யம். எல்லாப் பூஜ்யங்களையும் மூன்று கோடுகளிலேயே மூடிவிடலாம்: பொள்ளாச்சி நிரல், அன்வர் நிரை, ஜோசப் நிரை. நாலு கோடு தேவைப்படும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். மூடப்படாத எண்களில் சிறியது 1. அதை மூடப்படாத எல்லாவற்றிலும் கழித்து, இரண்டு கோடுகள் சந்திக்கும் கட்டங்களில் கூட்ட வேண்டும். அப்போது முருகனுக்கு மேட்டுப்பாளையத்தில் புதிய பூஜ்யம் பிறக்கிறது. செல்வம் பொள்ளாச்சி, முருகன் மேட்டுப்பாளையம், அன்வர் திருப்பூர், ஜோசப் பாலக்காடு. மொத்தம் 10 + 10 + 13 + 12 = 45. கண்பார்வைக் கணக்கைவிட நாளுக்கு ₹300 மிச்சம்.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது, விடை சரிதானா என்று அதுவே சொல்லிவிடுவது. வழியில் கழித்தவை 42, 2, கடைசியாக 1, கூட்டினால் 45. எந்த ஒதுக்கீடும் இதற்குக் கீழே போக முடியாது, நம் விடை அதையே தொட்டுவிட்டது. கையால் போடும்போது இரண்டும் பொருந்தவில்லையென்றால் எங்கோ பிசகு. பெரும்பாலும் கோடுகள் சந்திக்கும் இடத்தில் கூட்ட மறந்திருப்போம். ஹெரால்ட் குன் 1955-இல் இந்த முறையை வெளியிட்டபோது கோனிக், எகர்வாரி என்ற இரு ஹங்கேரியக் கணிதவியலாளர்களின் வேலையை அடித்தளமாகக் கொண்டார், பெயர் வந்தது அப்படித்தான்.

சரி, இப்போது லாபம். செல்வத்துக்குப் பாலக்காடு போக அதிகச் செலவாகும், ஆனால் அங்கே கடைக்காரர்களுடன் நல்ல பழக்கம், சரக்கு நன்றாக ஓடும். சரக்கில் கிடைக்கும் மார்ஜினிலிருந்து மேலே உள்ள செலவைக் கழித்தால்:

| | பொள்ளாச்சி | மேட்டுப்பாளையம் | திருப்பூர் | பாலக்காடு |
|---|---|---|---|---|
| முருகன் | 16 | 18 | 19 | 12 |
| செல்வம் | 16 | 15 | 17 | 20 |
| அன்வர் | 14 | 19 | 21 | 12 |
| ஜோசப் | 15 | 13 | 20 | 14 |

இந்த அட்டவணையை அப்படியே ஹங்கேரியன் முறையில் போட்டால் அது லாபத்தைக் குறைத்துத் தரும்: 56, இருப்பதிலேயே மோசமான ஒதுக்கீடு. படிகள் எல்லாம் சரியாகவே போகும், விடை மட்டும் தலைகீழ். எனவே முதலில் மாற்ற வேண்டும். மிகப் பெரிய எண் 21. ஒவ்வொரு எண்ணையும் 21-இலிருந்து கழித்தால் கிடைப்பது இழப்பு அட்டவணை. முருகனின் நிரை 5, 3, 2, 9 ஆகும், செல்வத்துடையது 5, 6, 4, 1. அன்வருக்கு 7, 2, 0, 9, ஜோசப்புக்கு 6, 8, 1, 7. இனி வழக்கமான படிகள்தான். நிரைகளில் 4, நிரல்களில் 4, கோடு போட்ட பிறகு 1 என மொத்தம் 9 கழிகிறது. லாபம் 4 × 21 − 9 = 75. முருகன் பொள்ளாச்சி, செல்வம் பாலக்காடு, அன்வர் மேட்டுப்பாளையம், ஜோசப் திருப்பூர்.

எல்லா எண்களுக்கும் மைனஸ் போட்டாலும், ஒவ்வொரு நிரையையும் அதன் சொந்தப் பெரிய எண்ணிலிருந்து கழித்தாலும் இதே ஒதுக்கீடு வரும். ஆனால் லாபத்தை 1-இன் கீழ் போட்டுத் தலைகீழாக்கக் கூடாது. அது எண்களுக்கிடையே உள்ள இடைவெளிகளையே குலைத்துவிடும். கணினியில் மாற்றமே தேவையில்லை:

```python
from scipy.optimize import linear_sum_assignment
profit = [[16, 18, 19, 12], [16, 15, 17, 20], [14, 19, 21, 12], [15, 13, 20, 14]]
r, c = linear_sum_assignment(profit, maximize=True)
```

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவைக் குறைத்த ஒதுக்கீட்டை லாப அட்டவணையில் வைத்தால் 69 தான். லாப ஒதுக்கீட்டின் செலவு 52, அதாவது ₹700 கூடுதல், ஆனாலும் கையில் ₹600 அதிகம் நிற்கிறது. நாலு பேருடைய லைனும் மாறிவிட்டது. இன்னொன்று: லாப அட்டவணையில் கண்பார்வைக் கணக்கே போட்டாலும் (21, 20, 18, 15) 74 வரும், ₹100 தான் குறைவு. இந்த ஏஜென்சிக்கு முறையைவிட, எந்த அட்டவணையை எடுத்தோம் என்பதே பெரிய வித்தியாசத்தைத் தந்திருக்கிறது.

அதற்காக எல்லோரும் லாப அட்டவணை போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பார்சல் லைன் போல, யார் ஓட்டினாலும் அந்த லைனின் வரவு மாறாது என்றால், லாபம் என்பது அந்த நிரலுக்கான ஒரு நிலையான தொகையிலிருந்து செலவைக் கழித்தது மட்டுமே. நிரல் முழுக்க ஒரே எண்ணைக் கூட்டினால் ஒதுக்கீடு மாறாதல்லவா? அங்கே இரண்டு வழிக்கும் விடை ஒன்றே, செலவுக் கணக்கு போதும். டிரைவர் மாறினால் விற்பனையும் மாறும் என்றால்தான் லாப அட்டவணைக்கு வேலை இருக்கிறது.

அங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு வேனுக்குக் கேரளா போக பெர்மிட் இல்லையென்றால், செலவு அட்டவணையில் அந்தக் கட்டத்தில் 1000 போல ஒரு பெரிய எண் போடுவோம். லாப அட்டவணையில் அதே பழக்கத்தில் 1000 போட்டால், அந்த வேனையே முதல் ஆளாகப் பாலக்காட்டுக்கு அனுப்பிவிடும். அங்கே −1000 போட வேண்டும், அல்லது இழப்பு அட்டவணையாக மாற்றிய பிறகு 1000 போட வேண்டும்.

இரண்டாவது, எண்கள் வரும் இடம். செலவை டீசல் பில்லும் கிலோமீட்டரும் சொல்லிவிடும். ஆனால் ஜோசப் திருப்பூருக்கே போனதில்லை என்றால் அந்த 20 வெறும் ஊகம். அதை 18 ஆக்கிப் பார்த்தால் இந்த ஒதுக்கீடு 73-க்கு இறங்கி, 74 தந்த கண்பார்வை ஒதுக்கீடே முந்திவிடுகிறது. இப்படி ஒரு கட்டத்தைக் கொஞ்சம் அசைத்தாலே விடை புரண்டால், ஜோசப்பை இரண்டு வாரம் திருப்பூர் லைனுக்கு அனுப்பி உண்மையான எண்ணை எடுத்த பிறகு கணக்கு போடுவதே சரி. செல்வத்தின் பாலக்காடு அப்படியல்ல. அந்த 20-ஐ 18 ஆக்கினாலும் அவர் அங்கேதான் நிற்கிறார், அவரை இன்றைக்கே பாலக்காட்டு லைனுக்கு மாற்றிவிடலாம்.