வெள்ளை அங்கி, சர்ப்ளிஸ், காவித் துண்டு: 11 வருடம் உடுத்திப் பார்த்தது

கத்தோலிக்கக் குருவாகப் பட்டம் வாங்கி 11 வருடம் ஆகிறது, அத்தனையும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே, மூன்று பங்குகளில். இதுவரை தைத்த வெள்ளை அங்கிகள் ஆறு. அதில் வெளியே உடுத்திக்கொண்டு போகிற நிலையில் இருப்பது மூன்று, ஒன்று பெயிண்ட் அடிக்கிறவருக்குப் போய்விட்டது, மற்ற இரண்டும் என்ன ஆயின என்பதைத்தான் எழுதப் போகிறேன். புதிதாக அங்கி தைக்கப் போகிற தம்பிகளும், சாமியாரின் துணியைத் துவைக்கிற வீட்டுக்காரர்களும் படித்தால் கொஞ்சம் பணம் மிச்சமாகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் துணிக்கடைக்காரர் முதல் சொந்தக்காரர் வரை எல்லாரும் வெள்ளையாக நீளமாக இருக்கிற எதையும் அங்கி என்கிறார்கள். அங்கி என்பது நாங்கள் வெளியே உடுத்துகிற உடை. கழுத்து ஒட்டி, முன்பக்கம் திறப்பு வைத்து, கணுக்கால் வரை வரும். திருப்பலிக்குப் போடுகிற வெள்ளை உடை வேறு, அதன் பெயர் ஆல்ப், அதற்கு மேல் கழுத்தில் ஸ்டோல் என்கிற நீளப் பட்டை, அதற்கும் மேல் அந்த நாளின் நிறத்தில் பெரிய மேலாடை. சர்ப்ளிஸ் மூன்றாவது ரகம், முழங்கால் வரை தொங்குகிற குட்டை வெள்ளைத் துணி, அகலக் கை, பொத்தான் கிடையாது, தலைவழியாக மாட்டுவது. ஆக ஒரு சாமியார் எதையும் கழற்றாமல் பூசைக்கு ஏறினால் பனியன், சட்டை, அங்கி, ஆல்ப், ஸ்டோல், மேலாடை என்று ஆறு அடுக்கு. மே மாதம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கிளைக் கோயிலில் ஆறு அடுக்கோடு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நான் இப்போது அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு சட்டைக்கு மேலேயே ஆல்ப் போடுகிறேன். சட்டைக் காலர் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, அங்கி. முதல் அங்கியைப் பர்கூரில் துணி எடுத்து, சுத்தப் பருத்தியில் தைத்தேன். தையல்காரர் துணியை நனைக்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கழுத்தெலும்பிலிருந்து கீழ் விளிம்பு வரை 56 அங்குலம் வைத்துத் தைத்தது, நான்கைந்து சலவையில் 54க்கும் கீழே வந்துவிட்டது. பருத்தி நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினால் சட்டையில் ஒரு அங்குலம்தான் குறையும், யாருக்கும் தெரியாது. அங்கி நீளமானது, அதே நான்கு பங்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வந்து நிற்கும். கணுக்காலுக்கு மேலே பேன்ட் தெரிந்தால் அங்கி நைட்டி மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் பருத்தி என்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் காயவைத்து, அதற்கப்புறம்தான் வெட்டக் கொடுக்க வேண்டும். கீழ் மடிப்பையும் மூன்று அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது அங்கி டெரிகாட்டன். சுருங்கவில்லை, கசங்கவில்லை, இஸ்திரி அவசரம் இல்லை. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டிக்கொள்ளும். இப்போது இருப்பவை பருத்தி பாதிக்கு மேல் கலந்த துணி. வெயிலுக்கும் இஸ்திரிக்கும் நடுவில் ஏதோ ஒரு சமாதானம்.

துணியைவிட வெட்டு முக்கியம் என்பதை பைக் கற்றுக்கொடுத்தது. என் முதல் அங்கியின் கீழ்ச் சுற்றளவு 76 அங்குலம். நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் காலைத் தூக்கி வண்டியில் போட முடியாது. விளிம்பை இடுப்புவரை சுருட்டிக்கொண்டுதான் கிளைக் கிராமங்களுக்குப் போனேன், ஒரு தடவை பின்சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தும் விட்டது. இப்போது இடுப்புக்குக் கீழே பின்புறம் நடுவில் உள்மடிப்பு ஒன்று வைத்து, சுற்றளவை 110 அங்குலமாக ஆக்கியிருக்கிறேன். நிற்கும்போது மடிப்பு மூடிக்கொள்ளும், காலை எட்டி வைத்தால் விசிறி மாதிரி விரியும். இன்னொரு சமாச்சாரம், இரண்டு பக்கத் தையலிலும் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஆறு அங்குலம் தைக்காமல் விடச் சொல்ல வேண்டும். அந்த வழியாகக் கையை விட்டால்தான் உள்ளே பேன்ட் பாக்கெட்டில் இருக்கிற வண்டிச் சாவி கிடைக்கும். இதை மறந்துவிட்டு டீக்கடை வாசலில் அங்கியைத் தூக்கிக்கொண்டு சில்லறை தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

பொத்தான் கதை எல்லாருக்கும் தெரியும், மரபான ரோமன் அங்கியில் மேலிருந்து கீழ் 33, இயேசு இந்த மண்ணில் வாழ்ந்த வருடங்களின் கணக்கு என்பார்கள். காலை ஐந்தரை மணிப் பூசைக்கு 33 பொத்தான் போடுகிறவருக்கு என் வணக்கம். எனக்கு இடுப்புவரை மறைவான ஜிப், அதற்குக் கீழே அழுத்துப் பொத்தான். ஜிப் நைலானாக இருக்கட்டும். உலோக ஜிப் வியர்வையில் துருப்பிடித்து நெஞ்சு நடுவே பழுப்பாக ஒரு கோடு போட்டதில்தான் பெயிண்டர் கைக்குப் போனது அந்த அங்கி.

வெள்ளை எப்படிக் கெடுகிறது என்பதைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். கழுத்திலும் அக்குளிலும் மட்டும் மஞ்சள் என்றால் வியர்வை. துணி விறைத்து மொத்தமாகச் சாம்பல் பூத்தால் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் துணியிலேயே தங்கிவிட்டது. பழுப்புப் புள்ளி என்றால் போர் தண்ணீரில் இரும்பு. இது எதுவும் இல்லாமல் அங்கி முழுவதும் ஒரே சீராக வெளிறிய மஞ்சள் அடித்தால் அது நாமே செய்த வேலை, பிளீச்சிங். வாராவாரம் பிளீச்சிங் போட்டால் மில்லில் துணிக்கு ஏற்றிய வெண்மை மருந்து செத்துப்போகும். கூடவே தண்ணீரில் கரைந்திருக்கிற இரும்பைத் துருவாக மாற்றி நூலிலேயே உட்காரவைக்கும். அதற்கு மேல் நீலம் போட்டு மறைக்கப் பார்த்தால் பச்சையும் சாம்பலுமாக ஒரு நிறம் வரும், என் மூன்றாவது அங்கி இன்றைக்கும் அப்படித்தான் பெட்டியில் கிடக்கிறது. இப்போது ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் மட்டும் அங்கி துவைக்கிறோம், மற்ற நாளில் ஊறக்கூடப் போடுவதில்லை. வித்தியாசம் மூன்றாவது சலவையிலேயே தெரிந்தது. மாங்காய் சீசனில் தோப்பு மந்திரிக்கக் கூப்பிட்டால் மட்டும் பழைய அங்கியில் போவேன். காம்பிலிருந்து சொட்டுகிற பால் ஒரு சொட்டு பட்டாலும் கறுத்துவிடும், போகவே போகாது.

சர்ப்ளிஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அது கறுப்பு அங்கிக்கு மேல் போடப் பிறந்த துணி, அங்கேதான் எடுப்பாக இருக்கும். வெள்ளை அங்கிக்கு மேல் வெள்ளை சர்ப்ளிஸ் போட்டால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஞானஸ்நானத்துக்கும் கல்லறை மந்திரிப்புக்கும் அதன் மேல் ஸ்டோல் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பூசை வைக்கிற குரு ஆல்புக்குப் பதிலாக சர்ப்ளிஸ் போடக் கூடாது என்பது விதி. எங்கள் கோயிலில் அது பீடச் சிறுவர்களுக்குத்தான், சிவப்பு அங்கி, மேலே வெள்ளை சர்ப்ளிஸ், பார்க்க அழகு. விளிம்பில் லேஸ் வைக்காதீர்கள். மெழுகுதிரி, தூபக்கால், பையன்கள், லேஸ், இந்த நான்கும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

இனி காவி. இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன்.

1969இல் இந்தியாவுக்கென்று ரோம் அனுமதித்த 12 அம்சங்களில் ஒன்று, அடுக்கடுக்கான உடைகளுக்குப் பதில் ஒரே நீள அங்கியும் ஸ்டோலாக ஓர் அங்கவஸ்திரமும் போதும் என்பது. காவி நமக்குப் புதிதும் இல்லை, 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரையில் தத்துவ போதக சுவாமி என்கிற ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தித்தான் வாழ்ந்தார். அதனால் பொங்கல் திருப்பலிக்கு வெள்ளை ஆல்பின் மேல் காவி அங்கவஸ்திரம் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் மலையடிவாரத்தில் தனியாக ஒரு குடிலில் இருக்கிற வயதான சந்நியாசி ஒருவர் எனக்குப் பழக்கம். அவருக்கு உடை இரண்டே துண்டு, இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, தையலே கிடையாது. என் அங்கியின் ஜிப்பையும் மடிப்பையும் பார்த்துச் சிரிப்பார். அவர் தானே சாயம் ஏற்றிய ஒரு கைத்தறித் துண்டை எனக்குக் கொடுத்தார். காவிக்கல்லைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அதில் துண்டை முக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துவது. கடைக் காவி மாதிரி ஆரஞ்சாகக் கண்ணில் குத்தாது, காய்ந்த செம்மண் நிறம்.

பொங்கல் காலை, திறந்தவெளிப் பூசை, அடுப்புப் புகை, வெயில் ஏற ஏற வியர்வை. முடிந்து துண்டை எடுத்தால் ஆல்பின் இரண்டு தோளும் கழுத்தும் செங்கல் நிறம். உபதேசியார் பார்த்துவிட்டு, "சாமி, பிளீச்சிங்கில் போட்டு எடுத்துடலாம்" என்றார். போட்டோம். கறை அசையவே இல்லை, சுற்றியிருந்த வெள்ளைதான் மஞ்சளடித்தது.

குடிலுக்குப் போய்ச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நனைச்சீங்களா சாமி?" நனைத்ததுதான் தப்பு. காவிக்கல் சாயமே இல்லை, மண். அதன் நிறம் இரும்பு ஆக்சைடு, அது தண்ணீரில் கரையாது, நூலுக்குள் இறங்கிப் பிடிக்காது, மேலே தூளாக ஒட்டியிருக்கும். அதனால்தான் உரசினால் வருகிறது. அதனால்தான் பிளீச்சிங்குக்கும் மசியாது, துருவுக்கு மேல் துருவாக என்ன ஆகும்? காய்ந்த நிலையில் உதறி, மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டியிருந்தால் முக்கால்வாசி தூளாகப் போயிருக்கும். நான் நனைத்து, கசக்கி, நெய்தலுக்குள் சேறாக ஏற்றிவிட்டேன். மிச்சத்துக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, காயக் காய மறுபடி நனைத்து, மூன்று நாள் செய்தேன். புளிப்பு இரும்பை மெதுவாகக் கரைக்கும். செங்கல் நிறம் லேசான ரோஜா நிறத்துக்கு வந்து நின்றது, அதற்கு மேல் போகவில்லை. அந்த ஆல்ப் இப்போது மேலாடை போடுகிற நாளுக்கு மட்டும், தோள் மறைந்துவிடும்.

கடைக் காவியையும் கல் காவியையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று அப்போது தெரிந்தது. துண்டின் ஒரு முனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அலசிவிட்டு அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் செந்தூள் படிந்து மேல் தண்ணீர் தெளிந்தால் கல் காவி. தண்ணீர் கலங்காமல், முழுக்க ஒரே நிறமாக நின்றால் சாயம் போகிற மில் துணி, அதைத் தனியாகத் துவைத்துத் துவைத்து உபரிச் சாயத்தை வெளியேற்றலாம். கல் காவியை எத்தனை முறை அலசினாலும் உரசல் நிற்காது, நிறம்தான் குறையும். சந்நியாசி வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மறுபடி முக்கி எடுக்கிறார். அவர் உடம்பில் வெள்ளையே கிடையாது, கறை என்ற பேச்சே அவருக்கு வராது.

இப்போது பொங்கலுக்கு அதே துண்டுதான், ஆனால் அடியில் ஆல்பின் தோள் அகலத்துக்கு இரண்டு பட்டை பழைய பருத்தித் துணி, கழற்றித் துவைக்கிற மாதிரி நான்கு அழுத்துப் பொத்தான் வைத்து. தைத்துக் கொடுத்த அண்ணன் அளவெடுக்கும்போது, "சாமி, அங்கிக்கு லைனிங் கேட்டிருக்காங்க, துண்டுக்கு லைனிங் கேட்ட ஆள் நீங்கதான்" என்றார். கூலி 60 ரூபாய்.